போகவர அரைநாள்

விடியற்காலை நாலரை மணிக்குப் பெருமுக்கல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் அப்பாவின் சைக்கிள் செயின் சத்தம் காதில் கேட்கும். அவர் அதைவிட முன்னால், இரண்டரைக்கே கிளம்பிவிடுவார். மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட வேண்டும். கேரியரில் தூக்குவாளி, அதில் பழையது. மலை இருட்டில் ஒரு பெரிய கரும்பாறையாகத் தெரியும். உச்சியில் இருக்கும் சோழர் காலத்துக் கோயில் தெரியாது. அந்த மலைக்காக 1760-இல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அப்பாவுக்கு அது நேரம் காட்டும் மலை.

எனக்குத் திண்டிவனம், அங்கிருந்து கிளாம்பாக்கம், மறுபடி டவுன் பஸ் பிடித்து கிண்டி. மூன்றரை மணி நேரம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளைச் சரிசெய்து கொடுப்பது தொழில். வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்தபோது முதல் கம்பெனிக்காரர் ஒருநாளுக்கு எவ்வளவு என்று கேட்டார். பழைய சம்பளம் 55,000, மாதம் 22 நாள், வகுத்தால் 2,500. எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் சார் என்றேன். அவர் பேரமே பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று நாள் வேலை, 7,500 ரூபாய். லாட்ஜ் இரண்டு ராத்திரிக்கு 2,400, சாப்பாடு, ஆட்டோ, பஸ் எல்லாம் 1,700. முதல் நாள் சர்வர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் லீவு. ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து மூன்று காபி குடித்தேன். வேலை நாலாவது நாளுக்குப் போனது. அதற்குக் கேட்க வாய் வரவில்லை. மூன்றாவது ராத்திரி தாம்பரத்தில் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டேன். பில்லில் 10 சதவீதம் வரி பிடித்தார்கள், லாட்ஜுக்காரனுக்கு நான் கொடுத்த காசுக்கும் சேர்த்து. வரிக்கணக்குப் போட்டால் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் அது அடுத்த வருஷக் கதை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மழ மாசத்துக்கு என்னாடா பண்ணுவ?"

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கும். கோடையில் வாங்கும் கூலியில்தான் அந்த மாதங்களின் கஞ்சியும் இருக்க வேண்டும். இருக்காது, கடன்தான் இருக்கும். எனக்கும் மழை மாசம் உண்டு. விலை சொல்லப் போகும் நாள், பாக்கி வசூலுக்கு அலையும் நாள், காய்ச்சலில் படுத்த நாள் எதற்கும் யாரும் காசு தர மாட்டார்கள்.

அன்று ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வருஷம் 6 லட்சம் வேண்டும். லேப்டாப், நெட், இன்ஷூரன்ஸ் என்று தொழிலுக்கு 1,20,000. ஞாயிறு, சனி, பண்டிகை போக 240 நாள். அதில் நூற்றுக்கு அறுபதுதான் விற்கும், அதாவது 144 நாள். 7,20,000-ஐ 144-ஆல் வகுத்தால் 5,000. நான் சொன்னது அதில் பாதி.

போகவர ஆகும் ஏழு மணி நேரத்தை என்ன செய்வது என்பதில்தான் ரொம்ப நாள் குழம்பினேன். முழுக்கூலி கேட்டால் அவர்களுக்குக் கசக்கும். பஸ்ஸில் நான் வேலை செய்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நேரத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. கடைசியில் அரைநாள் கூலி, 2,500 என்று வைத்தேன். திண்டிவனம் என்றால் கேட்பதில்லை. எங்களூர்க் கொத்தனார்களும் வெளியூர் வேலைக்குக் கூலி தனி, பஸ் சார்ஜ் தனி, டீ வடை தனி என்றுதான் பேசுவார்கள். படித்தவனுக்குத்தான் கூச்சம்.

அதே மூன்று நாளுக்கு இப்போது: வேலை 15,000, பயணம் 2,500, லாட்ஜ் 2,400, படி நாளுக்கு 600 வீதம் 1,800, பஸ் 400. ஆக 22,100. படியை மொத்தமாகக் கேட்பதற்குக் காரணம், ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும் பில் தருவதில்லை. லாட்ஜை முடிந்தவரை கம்பெனி பெயரிலேயே போடச் சொல்கிறேன். அதில் வரிப்பிடித்தம் வராது. கேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து நாள் ஆரம்பம். பாஸ்வேர்டு இல்லையென்றாலும் நாள் நாள்தான்.

தாம்பரத்தில் இருக்கிற ஒருவன் இதே வேலைக்கு 15,000-தான் கேட்பான், தெரியும். அதனால் சென்னையில் ஒருநாள் வேலைக்குப் போவதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவது யாருக்குமே கட்டாது. அதை வீட்டிலிருந்தே செய்து கொடுத்துவிடுகிறேன்.

உப்பளத்துக் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணம் என்று அரசாங்கம் 5,000 ரூபாய் தருகிறது. முதல்முறை அந்தத் தொகையைக் கேட்டபோது நோட்டில் நான் எழுதியிருந்த எண் ஞாபகம் வந்தது. அப்பாவிடம் என் ஒருநாள் கூலியைச் சொல்லவில்லை. அவராகத்தான் ஒருநாள் கேட்டார்.

"போற வர நேரத்துக்குங் காசு தராங்களா?"

"பாதி தராங்கப்பா."

சைக்கிளைத் திருப்பிப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சத்தம் நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார்.