சட்டை ஒண்ணு, கலர் மூணு!

ஃபைனல் இயர் புராஜெக்ட். கேமராவில் எடுக்கிற படத்தை ஒரு FPGA போர்டு வழியாகத் திரைக்கு அனுப்பணும். சிமுலேஷனில் சும்மா நச்னு ஓடியது. ரிவியூவுக்கு முந்தின நாள் நிஜ போர்டில் ஓட்டினோம். கேமரா முன்னால் நண்பன் சிவப்புச் சட்டையில் நிற்கிறான். திரையில் அதே சட்டை பட்டை பட்டையாக சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு!

"கேமரா அவுட்டுடா" என்றான் அவன். இல்லை. தப்பு என் டிசைனில்.

கேமரா பக்கம் 5 MHz கிளாக். திரைப் பக்கம் 50 MHz. ரெண்டுக்கும் தனித்தனி கிரிஸ்டல், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. நடுவில் 8 பைட் பிடிக்கிற ஒரு FIFO. எத்தனை பைட் எழுதியாச்சு என்று சொல்ல 4 பிட் கவுன்ட்டர், 0 முதல் 15 வரை போய் மறுபடி 0. திரைப் பக்கம் அந்த எண்ணை வாங்கி, தான் படித்த எண்ணைக் கழித்துப் பார்க்கும். மூணு பைட் இருந்தால் ஒரு பிக்சல். உடனே மூணையும் எடுத்துக்கொள்ளும்.

கிளாக் தாண்டி வருகிற சிக்னல் சரியாக மாறும் நேரத்தில் ஃபிளிப்ஃப்ளாப் அதைப் பிடித்தால், 0-வா 1-ஆ என்று முடிவு செய்யாமல் கொஞ்ச நேரம் அல்லாடும். அது அடங்க டைம் கொடுக்கத்தான் ரெண்டு ஃபிளிப்ஃப்ளாப்பை வரிசையாகப் போடுவோம். அதுதான் சின்க்ரனைசர். நானும் நாலு பிட்டுக்கும் நாலு சின்க்ரனைசர் போட்டிருந்தேன். அப்புறம் என்ன?

ஊரிலிருந்து வந்திருந்த சீனியர் அண்ணா ஒரே கேள்வி கேட்டார்: "7-லேர்ந்து 8 போறப்ப எத்தனை பிட் மாறுது?"

0111, 1000. நாலும்!

சின்க்ரனைசர் ஒவ்வொரு பிட்டுக்கும் 'பழசு அல்லது புதுசு' என்று மட்டும்தான் உறுதி தரும். நாலு பிட்டும் ஒரே நேரத்தில் புதுசுக்கு மாறும் என்று அது சத்தியம் செய்யவில்லை. வயர் நீளத்தில் துளி வித்தியாசம் போதும். ஒரு பிட் இந்த கிளாக்கிலும் இன்னொன்று அடுத்த கிளாக்கிலும் வந்து சேரும். மேல் பிட் மட்டும் முந்திக்கொண்டால் 1111, அதாவது 15. சிமுலேஷனில் எல்லா பிட்டும் ஒரே கணத்தில் மாறுவதால் இது தெரியவே தெரியாது.

என் டிசைனில் படிக்கிற பக்கம் 6-ல் நிற்கும்போது இது நடந்ததாக வையுங்கள். 15-ல் 6 போனால் 9. எட்டு பைட் பிடிக்கிற பெட்டியில் 9 பைட்! மூணுக்கு மேல் இருக்கே என்று படிக்க ஆரம்பிக்கும். நிஜத்தில் இருப்பது 2. மூணாவதாக எடுப்பது பழைய பைட். இப்போது படிக்கிற எண் 9, எழுதின எண் 8. 8-லிருந்து 9 போனால், நாலு பிட் கணக்கில் 15! அதனால் நிற்காமல் சுற்றி வந்து, 8-ஐத் தொட்ட பிறகுதான் அடங்கும். மொத்தம் 18 பைட் படித்தாச்சு, அதில் 16 ஓசி. 16-ஐ மூணால் வகுத்தால் மீதி 1. அதான் சிவப்பு, பச்சை, நீலம் ஒரு இடம் நகர்ந்து போகிறது. மூணு தடவை நகர்ந்தால் பழையபடி சிவப்பு. பட்டைக்குக் காரணம் கிடைச்சாச்சு!

மருந்து, கிரே கோடு. அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ஒரே ஒரு பிட்தான் மாறும். 7 என்பது 0100, 8 என்பது 1100. மாறுகிற அந்த ஒரு பிட் சீக்கிரம் வந்தால் 8, லேட்டாக வந்தால் 7. மூணாவது எண்ணுக்கு வழியே இல்லை. லேட்டாக வந்தாலும் ஒரு பைட் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். மாற்றுவதும் ஒரே வரி:

```
gray = bin ^ (bin >> 1);
```

அந்தப் பக்கம் போனதும் பைனரிக்குத் திருப்பிவிட்டுக் கழிக்கணும்.

அவசரத்தில் அந்த வரியின் அவுட்புட்டை நேராக சின்க்ரனைசரில் கொடுத்தேன். பட்டை போகலை! பைனரி பிட்கள் மாறும்போது XOR கேட்களின் அவுட்புட் ஒரு கணம் துள்ளும்; அந்தத் துள்ளலையும் அந்தப் பக்கம் பிடித்துவிடும். கிரே எண்ணை முதலில் கேமரா கிளாக்கிலேயே ஒரு ரெஜிஸ்டரில் பிடித்து, அப்புறம் அனுப்பணும். அனுப்பினேன். சட்டை முழுசா சிவப்பு!

கிளம்பும்போது அண்ணா சொன்னார்: "எதுக்கெடுத்தாலும் கிரே போட்டுடாதே. ஒண்ணொண்ணா ஏறுற கவுன்ட்டருக்கு மட்டும்தான் இது. 9-லேர்ந்து 0-க்குத் தாவினா 1101, 0000 ஆகும், மூணு பிட் மாறிடும். கண்டபடி மாறுற டேட்டான்னா, அதை அசையாம பிடிச்சு வெச்சுட்டு, 'ரெடி'ங்கிற ஒரே பிட்டை மட்டும் சின்க்ரனைசர்ல அனுப்பு. அது வந்து சேர்ந்ததும் அந்தப் பக்கம் டேட்டாவை எடுத்துக்கட்டும்."

மறுநாள் ரிவியூவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "7-லேர்ந்து 8 போறப்ப என்ன ஆகும்?"

நண்பன் தன் சட்டையைக் காட்டிச் சிரித்தான்.