வாங்க மாமா, உட்காருங்க

கெலுகோரில் கடல் உள்வாங்கும் மதியங்களில் சேற்று வாடை பள்ளிக்கூட ஜன்னல் வரை வரும். கூடவே எங்கேயோ ஒரு வீட்டு முற்றத்தில் முறத்தில் காயப்போட்ட அசாம் கெலுகோர் துண்டுகளின் புளித்த மணமும், சைக்கிளில் ரொட்டி விற்கிறவரின் ஹார்ன் சத்தமும் சேர்ந்துகொள்ளும். அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1985இல் திறக்கப்போகிற அந்தப் பாலத்தின் தூண்கள் கடலுக்குள் ஒவ்வொன்றாக நடந்துபோவதை மிண்டன் மேட்டிலிருந்து பார்ப்பதுதான் எங்களுக்குச் சாயங்கால வேலை. அந்த நாட்களில் ஒருநாள் டீச்சர் ஸ்டென்சில் மை இன்னும் காயாத ஒரு தாளை வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் தினத்துக்கு நாலாம் வகுப்பு நாடகம் போடப்போகிறது என்றார்.

மலேசியாவில் ஆசிரியர் தினம் மே 16. ரசாக் கல்வி அறிக்கையை 1956இல் ஏற்றுக்கொண்ட நாள் அது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு படித்தது. எங்களுக்கு அது பந்தல் கட்டி, மீகூன் பொரித்து, ஆசிரியர்களுக்கெல்லாம் சோப்பும் கைக்குட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற நாள். எங்கள் பயிற்சிப் புத்தகங்களின் பின்னட்டையில் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் அச்சாகியிருக்கும். கடைசிக் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். திங்கட்கிழமைச் சபைகூடலில் அதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். வாசலில் ஒரு விருந்தாளி வந்து நின்றால் மட்டும் அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வோம். டீச்சருக்கு அது தெரியும். நாடகத்தில் மூன்றே காட்சிகள்: வீட்டுக்குள் ஆயா, வாசலில் விருந்தாளி, வெளியில் ஆசிரியை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது விருந்தாளி மாமா வேஷம். அப்பாவின் கட்டம்போட்ட சாரோங், அடுப்புக்கரியில் வரைந்த மீசை, கையில் ஒரு குடை. வகுப்பிலேயே வாய் திறக்காத பிள்ளைக்கு ஏன் இந்த வேஷம் என்று அம்மாவுக்கு வருத்தம். மாமாவுக்கு மொத்தம் ஐந்து வரிதான். மற்ற நேரமெல்லாம் வாசலில் நின்று, யாராவது வாங்க என்று சொல்லக் காத்திருப்பதுதான் வேலை.

முதலில் வந்த தாளில் மலர் என்கிற சிறுமி மாமாவைப் பார்த்ததும், தாங்கள் நலமா, எங்கள் இல்லத்திற்குத் தங்கள் வருகை நல்வரவாகுக என்று சொல்ல வேண்டும். மலராக நடித்தவள் கெட்டிக்காரி, ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் கூரையைப் பார்க்கும், கைகள் தாடைக்குக் கீழே ஆணி அடித்ததுபோல் நிற்கும், குரல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்துக்குப் போய்விடும். குடையோடு எதிரில் நிற்கிற எனக்கு அவள் என்னைக் கூப்பிடவே இல்லை என்று பட்டது. அப்படித்தான் டீச்சரிடம் சொன்னேன். அந்த வருசம் அவரிடம் நானாகப் போய்ச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்துவிட்டு, வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படியே எழுதினார்:

மலர்: வாங்க மாமா, உள்ள வாங்க.
மாமா: வணக்கம்மா. அப்பா இருக்காரா?
மலர்: குளிச்சிட்டு இருக்காரு மாமா. உட்காருங்க, நீங்க வந்திருக்கிறத சொல்லிட்டு வர்றேன்.
(உள்ளே போகிறாள். தண்ணீர் கொண்டுவருகிறாள்.)
மலர்: தண்ணி குடிங்க மாமா.

வரிகளுக்கு நடுவில் அடைப்புக்குறிக்குள் அவர் எழுதியவைதான் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. செருப்புச் சத்தம் கேட்டதும் மலர் படிக்கிற புத்தகத்தை மூட வேண்டும். எழுந்து நின்ற பிறகுதான் பேச வேண்டும். முதலில் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் தன்னைப் பார்க்கும் வரை பொறுக்க வேண்டும், அப்புறம் வாங்க. தம்ளரின் விளிம்பில் விரல் படாமல் அடிப்பக்கம் பிடித்து வலது கையால் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ஓடிவிடாமல், அவர் வாங்கிக்கொள்ளும் வரை நிற்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தப்பினாலும் மாமாவாகிய எனக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தை மூடாமல் வாங்க என்றால், போய்விடுங்க என்று காதில் விழுந்தது. முகம் பார்த்துவிட்டுச் சொன்னபோது குரல் மெலிந்திருந்தாலும் கால் தானாக உள்ளே நகர்ந்தது.

ஆயா காட்சியைத் திருத்தியது எங்கள் வீட்டு ஆயா. அதில் பேரன் செல்வனாக நடித்தவன் பக்கத்து வீடு. சாயங்காலம் எங்கள் அஞ்சடியில்தான் ஒத்திகை. பசாரிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வருகிற நாடகத்து ஆயாவுக்கு அவன் கைகூப்பி, வணக்கம் பாட்டி என்றான். ஆயாவாக நடித்த பெண் பைகளைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதிலுக்குக் கும்பிட வேண்டியிருந்தது. திண்ணையில் வெத்தலை மடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆயா சும்மா இருக்கவில்லை.

“பைய வாங்குடா மொதல்ல. சொந்த வீட்டு ஆயாவுக்கு யாராச்சும் வணக்கம் சொல்லுவாங்களா? வந்துட்டீங்களா ஆயான்னு கேட்டாப் போதும்.”

இதை டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு உடனே எழுதிக்கொண்டார். கூடவே இன்னொன்றையும் ஆயாவிடமிருந்தே வாங்கிச் சேர்த்தார்: வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை, போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன் ஆயா என்று சொல்ல வேண்டும். தீபாவளிக் காலையில் காலில் விழுந்து திருநீறு வாங்குவதும், தினமும் பையை வாங்குவதும் ஆயாவுக்கு ஒரே கணக்கில் வருகிற மரியாதை. பையை வாங்காமல் காலில் மட்டும் விழுகிற பேரன்களை அவர் நம்பியதில்லை.

எங்கள் கம்பத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் மலாய்க்காரர்கள், சீனர்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கள் ஊர் விருந்தாளிகளைப் பற்றி நாடகம் போட முடியாது. டீச்சர் பின்வீட்டு மலாய்ப் பெரியவரிடமே கேட்டுவந்து ஒரு சிறு பகுதியைச் சேர்த்தார். மலாய்ப் பிள்ளைகள் பெரியவர்களின் கையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய் சலாம் செய்வார்கள். நம் பிள்ளைகள், செலாமாட் பெத்தாங் பாக் சிக் என்று சொல்லி, வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தால் போதும். அவர் கை நீட்டினால் மட்டும் கை கொடுக்கலாம். உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு முன்னால் நடந்துபோக வேண்டியிருந்தால் முதுகைத் தாழ்த்தி, வலது கையைக் கீழ்நோக்கி நீட்டியபடி போக வேண்டும். இடத்தைக் காட்ட ஆள்காட்டி விரல் கூடாது, கட்டைவிரல்தான். இந்தக் குனிந்த நடையைப் பழகிய வாரம், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் போகிறவர்கள்கூடக் குனிந்தே போனார்கள்.

மூன்றாம் காட்சிதான் டீச்சருக்குப் பிடித்தது. அதை அவர் பள்ளிக்கூடத்தில் வைக்காமல் பசாரில் வைத்தார். வகுப்பில் நாற்பது பேரும் எழுந்து நின்று இழுத்து இழுத்து, வணக்கம் ஆசிரியை என்பதில் ஒரு சிரமமும் இல்லை. கூட்டத்தில் யார் குரலும் தனியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் அதே ஆசிரியையை வீட்டுச் சேலையில், கூந்தல் கலைந்து பார்க்கும்போதுதான் அம்மாவின் பின்னால் ஒளியத் தோன்றும். நாடகத்தில் ஆசிரியை மீன்காரரிடம் காசு எண்ணிக்கொண்டிருப்பார். மலர் எண்ணி முடிக்கும் வரை காத்திருந்து வணக்கம் சொல்வாள். அவர், அம்மாவுக்கு உதவியா வந்தியாம்மா என்று கேட்பார். ஆமாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு அவள் விலகிக்கொள்வாள். அந்த விலகலுக்கும் ஒத்திகை நடந்தது. வணக்கம் சொன்ன பிள்ளை அங்கேயே நின்று அவர் பையை எட்டிப் பார்க்கக்கூடாது.

ஆசிரியர் தினத்துக்கு முந்தின வாரம் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். நாடகத்தில் அப்போது ஆறுமுகம் என்று ஒரு முரட்டுப் பையன் உண்டு. நன்னடத்தையை எடுத்துக்காட்ட எதிர்ப்பக்கம் ஒருவன் வேண்டும் என்று எழுதிய பாத்திரம். விருந்தாளி வந்ததும் காலை ஆட்டிக்கொண்டே, யாருய்யா நீ, என்ன வேணும் என்று கேட்பான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலை வராந்தா முழுக்க ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் ஒருவரையொருவர் காலை ஆட்டியபடி யாருய்யா நீ என்று கேட்டுக்கொண்டிருந்தன. மலர் சொன்ன ஒரு வரிகூட யார் வாயிலும் இல்லை. பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்களோ அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள் என்பது அன்றைக்கு டீச்சருக்குத் தெரிந்துபோனது. அன்று இடைவேளையிலேயே ஆறுமுகத்தின் வரிகளை எடுத்துவிட்டு, சிரிப்பையெல்லாம் ஆயாவுக்கு மாற்றினார். புதிய ஆயா வருகிறவர் போகிறவர் எல்லாரையும், விருந்தாளி, பாக் சிக், தபால்காரர் வரை, பசியாறிட்டீங்களா என்று கேட்பார். கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்வதற்குள் கையில் ஒரு வடையைத் திணித்துவிடுவார். ஆறுமுகமாக நடித்தவனுக்குத் தபால்காரர் வேஷம் கிடைத்தது. வடை நிஜமானது என்பதால் அவனுக்கு வருத்தமில்லை.

மே 16 அன்று வெயில் அப்படி. பந்தலுக்குள் விசிறி ஒன்றுதான், அதுவும் தலைமையாசிரியர் பக்கம் திரும்பியிருந்தது. கரிமீசை வியர்வையில் உதடு வரை இறங்கியிருக்க, குடையோடு வாசலில் நின்றேன். மலர் புத்தகத்தை மூடினாள், எழுந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வாங்க மாமா என்றாள். போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, அப்பாவ வரச் சொல்லும்மா என்று நான் சொல்ல வேண்டும். தாகத்தில் தம்ளரை முழுசாகக் காலி செய்துவிட்டேன். மலர் அதைப் பார்த்தாள். தாளில் இல்லாத ஒன்றை அவளாகவே கேட்டாள்: “இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுங்களா மாமா?”

அடுத்த வருசம் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு டீச்சர் கொடுத்த தாளில், தண்ணி குடிங்க மாமா என்ற வரிக்குக் கீழே, அதுவும் அச்சாகியிருந்தது.