சுடுதலும் எரியூட்டலும்: தரப்பட்ட சொற்பட்டியலை எதுவரை நம்புவது?

மொழிபெயர்ப்புப் பணியை ஒப்படைக்கும் நிறுவனம் மூலநூலோடு சேர்த்து அனுப்பும் கலைச்சொல் வரிசையைத் தொழில்வழக்கில் கிளாசரி என்பர்; ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை எழுதி, பணி முழுவதிலும் அதுவே வரவேண்டும் என்று பணிக்கும் பட்டியல் அது. அந்தச் சொல் தமிழின் இயல்பான வழக்கோடு மோதும்போது எதன் பக்கம் நிற்பது என்ற கேள்விக்குப் பட்டியல் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பதிவுக்குப் பதிவு விடை மாறும். பல இடங்களில் ஒரே பதிவுக்குள்ளேயே வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் இதை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். நெடுங்காலமாக மண்ணைச் சுட்டுப் பழகிய தமிழின் சொற்களும், தொழிற்பேட்டையும் பட்டயப் படிப்பும் கொண்டுவந்த ஆங்கிலச் சொற்களும் அங்கே ஒரே பட்டறைக்குள் புழங்குகின்றன.

எரிவாயுவில் இயங்கும் ஒரு சூளைக்கான பயிற்சிக் கையேடு அத்தகைய பட்டறை ஒன்றுக்காகத் தமிழில் பெயர்க்கப்படுவதாகவும், அதனுடன் வந்த பட்டியலில் 'ஃபயரிங்' என்பதற்கு 'எரியூட்டல்' என்றும், 'பாடி' என்பதற்கு 'உடல்' என்றும், 'கில்ன்' என்பதற்கு 'உலை' என்றும், 'கிளேஸ்' என்பதற்கு ஒலிபெயர்ப்பாகக் 'கிளேஸ்' என்றும் இருப்பதாகவும் கொள்ளலாம். நான்கும் மொழிபெயர்ப்பாளரின் காதுக்கு உறுத்தக்கூடியவை. ஆனால் நான்கும் ஒரே வகையான உறுத்தல் அல்ல, ஆகவே நான்கையும் ஒரே முறையில் கையாளவும் இயலாது.

முதற்பதிவிலிருந்து தொடங்கலாம். பீங்கான் தொழிலில் ஃபயரிங் என்பது உலர்ந்த மண்பொருளைச் சூளையில் அடுக்கி, வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி, மண் மீண்டும் நீரில் கரையாதபடி இறுக்கும் செயலாகும். பூச்சின்றி முதலில் ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையிலும், கண்ணாடித்தன்மையான மேற்பூச்சு இட்டபின் அந்தப் பூச்சு உருகும் வெப்பநிலை வரையிலும், பெரும்பாலும் இருமுறை இது நடக்கும். இச்செயலுக்குத் தமிழில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு வினை உண்டு. செங்கல் சுடப்படுகிறது, பானை சுடப்படுகிறது, கீழடி அகழாய்வைப் பற்றி எழுதுவோர் 'சுடுமண்' பொருள்கள் என்றே குறிக்கின்றனர். 'எரியூட்டல்' என்பதோ தமிழ்ச் செய்தித்தாள்களைப் படிக்கும் எவருக்கும் முதலில் நினைவூட்டுவது இறுதிச் சடங்கைத்தான். இதையே இரண்டாம் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் சிக்கலின் முழு அளவும் தெரியவரும்: கலவையாகத் தயாரித்த மண்ணைச் சுடும் படியை விளக்கும் வாக்கியத்தில் பட்டியலை அப்படியே பின்பற்றினால் 'உடலை எரியூட்டும் முன்' என்ற தொடர் உருவாகும். தனித்தனியாகப் பார்த்தபோது எப்படியோ சமாளிக்கலாம் என்று தோன்றிய இரண்டு பதிவுகள் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போது வேறொரு பொருளைத் தருகின்றன. பட்டியலைப் பட்டியலாகவே படித்து ஒப்புதல் அளிப்பதில் உள்ள குறை இதுதான். மூலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களைக் கண்டு, அவை இணைந்து நிற்கும் வாக்கியங்கள் சிலவற்றைப் பணியின் முதல் நாளிலேயே பெயர்த்துப் பார்த்தால் இது உடனே வெளிப்படும்.

ஆயினும், தொனி பிழையானது என்பதைக் காட்டிலும் கனமான காரணம் ஒன்று இப்பதிவுக்கு எதிராக உள்ளது. எரிவாயுச் சூளையின் கையேட்டில் ஃபயரிங் என்ற ஒரே ஆங்கிலச் சொல் பொருளைச் சுடுவதையும் குறிக்கும், எரிப்பானில் தீ மூட்டுவதையும் குறிக்கும். ஆங்கில வாசகர் சூழலைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிவார். தமிழிலோ முன்னது சுடுதல், பின்னது பற்றவைத்தல், இரண்டும் வெவ்வேறு வினைகள். இரண்டையும் எரியூட்டல் என்று எழுதிவிட்டு, 'எரியூட்டலுக்கு முன் கதவைத் திறந்துவைக்கவும்' என்று ஒரு கட்டளை இருந்தால், அது எரிப்பானைப் பற்றவைப்பதற்கு முன்பு, தேங்கியிருக்கக்கூடிய வாயு வெளியேறுவதற்காகச் செய்ய வேண்டியதா, அல்லது சுடும் பணி முழுவதையும் தொடங்குவதற்கு முன்பு எப்போதேனும் ஒருமுறை செய்தால் போதுமானதா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். முந்தைய நாள் கதவைத் திறந்து பொருளை அடுக்கி மூடிவிட்ட தொழிலாளி, கட்டளை நிறைவேறிவிட்டது என்றே எண்ணலாம். மூடிய அறையில் வாயு தேங்கி நிற்க எரிப்பான் பற்றவைக்கப்பட்டால் நேர்வது வெடிப்பு. இவ்விடத்தில் பட்டியலை மீறுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமையா என்று வாதிட வேண்டிய தேவையே இல்லை. ஒரு சொல்லைப் படித்தபின் படிப்பவரின் கை என்ன செய்யும் என்று கேட்டு, கை தவறான திசையில் போகும் என்ற விடை கிடைக்குமானால், அந்தப் பதிவை மாற்றாமல் பணியை ஒப்படைக்கலாகாது.

'உடல்' என்ற பதிவின் குறை வேறு வகையானது. பீங்கான் தொழிலில் பாடி என்பது வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் போன்றவற்றை அளவறிந்து சேர்த்து அரைத்த கலவையைக் குறிக்கும். சுட்டெடுத்த பிறகு மேற்பூச்சுக்குக் கீழே இருக்கும் கெட்டிப் பகுதியும் அதே பெயரைத் தாங்கும். தமிழில் முன்னதை 'மண் கலவை' என்றும், பின்னதைப் 'பூச்சின் கீழுள்ள மண்பகுதி' என்றும் சொல்லாமல் இயல்பாக எழுத முடியாது. ஒன்றுக்கு ஒன்று என்ற பட்டியலின் அமைப்பே இங்கு பொருந்தாததால், அதற்கு மாற்றாக மற்றொரு தனிச்சொல்லைத் தேடுவது வீண். பதிவை இரண்டாகப் பிரித்து, எந்தப் படியில் எது வரும் என்று ஒரு குறிப்பைச் சேர்த்துத் தரும்படி வாடிக்கையாளரிடம் கோருவதே வழி.

'உலை' என்பதைப் பொறுத்தவரை அத்தனை கடுமை தேவையில்லை. பொறியியல் கலைச்சொல் தொகுப்புகளில் வெப்பமூட்டும் அறை எதுவாயினும் உலை என்று வழங்கப்படுவதால், பட்டியலைத் தொகுத்தவர் அந்த மரபைப் பின்பற்றியிருக்கக்கூடும். மண்பொருளைச் சுடுவதற்குச் சூளை என்பதே இயல்பான சொல். ஆனால் உலை என்று படித்தவர் வேறு கருவியைத் தேடிப் போகமாட்டார். கருவியின் மீது ஒட்டிய பலகையிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையிலோ 'உலை வெப்பநிலை' என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால், கையேட்டிலும் அதுவே இருப்பதுதான் படிப்பவருக்கு நன்மை. கண்ணெதிரே ஒரு சொல்லும் கையிலுள்ள ஏட்டில் மற்றொரு சொல்லுமாக இருப்பது, பொருந்தாத சொல் இரண்டிடத்திலும் ஒன்றாக இருப்பதைவிடக் கேடு. அப்படிப்பட்ட பிணைப்பு எதுவும் இல்லையெனில் சூளை என்று மாற்றப் பரிந்துரைத்து, மறுக்கப்பட்டால் முதல் இடத்தில் மட்டும் 'உலை, அதாவது சூளை' என்று விளக்கிவிட்டுப் பட்டியலின் வழியே செல்லலாம்.

நான்காம் பதிவில்தான் மொழிபெயர்ப்பாளரின் சொந்த விருப்பம் சோதனைக்கு உள்ளாகிறது. நல்ல தமிழ் எழுத விரும்பும் ஒருவருக்குக் கிளேஸ் என்ற ஒலிபெயர்ப்பு பட்டியலின் சோம்பலாகத் தோன்றும். அகராதி அவருக்கு 'மெருகு' என்ற சொல்லைத் தரும். ஆனால் மெருகு என்பது தமிழ் வழக்கில் நகையையோ மரத்தையோ தேய்த்துத் துலக்கி வரவழைக்கும் பளபளப்பு. பீங்கானின் கிளேஸோ நீரில் கலந்த தூளாகப் பொருளின்மேல் பூசப்பட்டு, சூளைக்குள் உருகிக் கண்ணாடிப் படலமாகிற ஒரு பொருள்; அதை நிறுத்து அளக்கவும், கெட்டித்தன்மை பார்க்கவும், மீந்ததைச் சேமிக்கவும் முடியும். பண்பைக் குறிக்கும் சொல்லைப் பொருளைக் குறிக்கப் பயன்படுத்தினால், 'மெருகைக் கலக்கி ஊறவிடவும்' என்ற வாக்கியம் பட்டறையில் நிற்பவரைத் திகைக்கவைக்கும். தொழிற்பேட்டைகளிலும் பயிற்சிக்கூடங்களிலும் ஆங்கிலக் கலைச்சொல்லோடு வளர்ந்த தொழிலாளிக்குக் கிளேஸ் என்பதே தாய்மொழிச் சொல்போல் பழகியிருக்கும். இங்கே இயல்பான வழக்கு பட்டியலின் பக்கமே இருக்கிறது. மோதல் உண்மையில் பட்டியலுக்கும் தமிழுக்கும் இடையே இல்லை, பட்டியலுக்கும் மொழிபெயர்ப்பாளரின் நடைவிருப்பத்துக்கும் இடையே இருக்கிறது. பிற பதிவுகளில் பட்டியலை எதிர்ப்பவர் இதில் அதற்குப் பணிவது முரண்பாடு ஆகாது.

ஒரு பட்டியல் எப்படிப் பிறந்தது என்பது பெரும்பாலும் அதன் உருவத்திலேயே தெரியும். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பிரிக்கப்பட்டு, பயன்படும் இடம் குறிக்கப்பட்டு, ஒரே ஆங்கிலச் சொல்லுக்குச் சில இடங்களில் இரண்டு தமிழ்ச் சொற்கள் இருக்குமானால், வேலை தெரிந்த ஒருவர் அதை அமர்ந்து செய்திருக்கிறார் என்று நம்பலாம். அதில் ஒரு சொல் உறுத்தினால் முதலில் ஐயப்பட வேண்டியது தன் அறிவையே. மாறாக, சூழற்குறிப்பு எதுவுமின்றி அகரவரிசையில் இறங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொது அகராதியின் முதற்பொருளைத் தாங்கி நிற்கும் பட்டியலில், களிமண் குழம்பைக் குறிக்கும் 'ஸ்லிப்' என்பதற்கு எதிரே 'நழுவல்' போன்ற பதிவு ஒன்று இருந்தால், மீதமுள்ள அனைத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கும். பட்டியலில் பத்துச் சொற்களை எடுத்துச் சோதிப்பதாயின், எளிமையான அன்றாடச் சொல்லாகவும் தொழிலில் தனிப்பொருள் கொண்டதாகவும் இருக்கும் சொற்களையே எடுக்க வேண்டும். பிழை ஒளிந்திருப்பது அங்கேதான், நீளமான வேதியியல் பெயர்களில் அல்ல.

மாற்றம் தேவைப்படும் பதிவுகளை வாடிக்கையாளரிடம் தெரிவிக்கும் தாளில் 'இது இயல்பாக இல்லை' என்ற தீர்ப்பு பயன்தராது. தமிழ் அறியாத திட்ட மேலாளரே பெரும்பாலும் அதைப் படிப்பவர் என்பதால், மூல வாக்கியம், பட்டியலின் சொல்லை இட்டால் அது தமிழில் உணர்த்தும் பொருள், முன்மொழியும் சொல், மாற்றாவிட்டால் விளையக்கூடியது, மறுமொழி வராவிட்டால் எது பின்பற்றப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். இறுதியாகச் சொன்னதே பலரும் விட்டுவிடுவது. தீங்கு விளைவிக்காத பதிவுகளில் மறுமொழி இல்லையேல் பட்டியலே பின்பற்றப்படும் என்றும், ஃபயரிங் போன்ற பதிவில் மட்டும் முன்மொழிந்த சொல்லே இடப்பட்டு ஒப்படைப்புக் குறிப்பில் சுட்டப்படும் என்றும் முன்கூட்டியே எழுதிவிட்டால், பின்னர் எழும் பூசல் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

இவ்வாறு உடன்பாடு கண்ட பின்னும் சரிபார்ப்பு மென்பொருள் மீறல்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பகுதி மீறலே அல்ல. பட்டியலில் 'அச்சு' என்று இருக்க, வாக்கியத்தில் 'அச்சில்' என்று வந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு உகரம் மறைந்து இகரம் வந்த அந்த வடிவம் வேறு சொல். 'கிளேஸ்' என்பது 'கிளேஸை' ஆகும்போது புள்ளி நீங்கிவிடுவதால் அதுவும் தவறாகவே காட்டப்படும். 'வெப்பம்', 'வெப்பத்தில்' என மாறும்போதும் அவ்வாறே. 'சூளையில்', 'களிமண்ணை' என்பவை மட்டும் தலைச்சொல் சிதையாமல் நிற்பதால் தப்பிவிடும். இந்தப் பொய்யான எச்சரிக்கைகளைத் தவிர்க்கும் பொருட்டு வாக்கியத்தையே வளைத்து, வேற்றுமை உருபு ஏற்காமல் சொல் எழுவாயாகவே நிற்கும்படி எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. கையேடு முழுவதும் விறைத்துப்போவதற்கு அது போதும். அதற்கு மாறாக, தேடலுக்கான வடிவத்தைப் பட்டியலில் 'அச்ச', 'கிளேஸ', 'வெப்ப' எனச் சிதையாத அடிவரை மட்டும் பதிந்து, முழுச்சொல்லைத் தனிப் பத்தியில் வைக்குமாறு வாடிக்கையாளரிடம் கேட்கலாம். 'அச்ச' என்ற அடி 'அச்சம்' என்ற சொல்லோடும் பொருந்திவிடும் என்பது உண்மையே; ஆனால் பீங்கான் அச்சுகளைப் பற்றிய ஏட்டில் அந்தச் சொல் வருவது அரிது, வந்தாலும் சரிபார்ப்பவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார்.