பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதுமா? பின்னி ஆலையிலிருந்து எண்ணூர் வரை

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்யும் எங்களிடம் இளைஞர்கள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். "சங்கத்தப் பதிவு பண்ணிட்டோம் அக்கா. இனி நிர்வாகம் எங்ககூட உட்கார்ந்து பேசித்தானே ஆகணும்?" இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று சொல்ல, நாங்கள் அவர்களை நூறு வருடம் பின்னால், பெரம்பூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள்தான் அதன் பலம். அன்றைக்குத் தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. சங்கம் வைப்பது குற்றமில்லை. ஆனால் சங்கத்துக்குப் பாதுகாப்பும் இல்லை.

அந்த ஓட்டை 1920 கடைசியில் தெரிந்தது. ஆலையில் தகராறு முற்றி வேலை நின்றபோது, பின்னி நிர்வாகம் வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டது. அதன் வாதம் எளிமையானது: எங்களுக்கும் தொழிலாளிக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது; அதை மீறச் சொல்லித் தூண்டுகிறவர் எங்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வேலைநிறுத்தம் செய்யச் சொல்லிப் பேசுவதே சட்டமீறல் ஆகிவிட்டது. கடைசியில் சமரசம் பேசி வழக்கு முடிந்தபோது, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது.

இந்த அதிர்ச்சிதான் சட்டத்துக்கு வழிவிட்டது. என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதில் இரண்டு பிரிவுகளை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 17ஆம் பிரிவு, சங்கத்தின் சட்டபூர்வ நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பதைக் குற்றச்சதி ஆக்க முடியாது என்றது. 18ஆம் பிரிவு, தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ, அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ சிவில் வழக்குப் போட முடியாது என்றது. வாடியாவைக் கட்டிப்போட்ட கயிற்றை அறுத்தது இந்தப் பிரிவுதான். ஆனால் இந்தக் கேடயத்துக்கு அளவு இருந்தது. அடிதடி, மிரட்டல், இயந்திரத்தைச் சேதப்படுத்துவது எதையும் அது காக்கவில்லை. முடிவெடுத்ததே ஒரு குற்றத்தைச் செய்வதற்காக என்றால் 17ஆம் பிரிவு விலகிக்கொண்டது.

இவ்வளவு கொடுத்த சட்டம் ஒன்றைக் கொடுக்கவில்லை: அங்கீகாரம். பதிவு என்பது அரசு பதிவாளரிடம் வாங்குவது. அங்கீகாரம் என்பது 'உங்களோடுதான் பேசுவேன்' என்று முதலாளி ஒப்புக்கொள்வது. முதலாவது இரண்டாவதைக் கட்டாயமாக்கவில்லை. இந்த இடைவெளியை மூட முயன்றவர் அம்பேத்கர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். 1947இல் அப்படி ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறவும் செய்தது. ஆனால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை.

இனி புளியந்தோப்புக்கு வருவோம். தொழிற்சங்க மேடைகளில் வேகமாகத் தாண்டிப்போகும் பக்கம் அது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் பக்கிங்ஹாம் ஆலையும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில், கோரிக்கைகள் நிறைவேறாமலே வேலைநிறுத்தம் முடிந்தது.

'கருங்காலிகள்' என்று அவர்களைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் வேறொன்றைக் கேட்கிறோம். கூட்டுபேரம் என்றால் எல்லாருக்காகவும் ஒருவர் பேசுவது. அந்தப் பேச்சில் ஆதிதிராவிடத் தொழிலாளியின் கோரிக்கை எங்கே இருந்தது? சில மாதம் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க ஊர்க்காரருக்கு உறவும் நிலமும் இருக்கலாம். சேரிக்காரருக்கு என்ன இருந்தது? ஏழு வருடம் கழித்து பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தில் அம்பேத்கர் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும் என்பதால் 'தீட்டு' என்று சொல்லி, கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சாதி இந்துத் தொழிலாளர்கள் விடவில்லை. அதை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்றார் அம்பேத்கர். பங்கு இல்லாதவனிடம் ஒற்றுமையை மட்டும் கேட்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் ஒருவழியாக அங்கீகாரத்துக்கு இடம் வந்திருக்கிறது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், குறைந்தது 20 விழுக்காடு வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாகும்.

சிக்கல் 'பதிவேடு' என்ற சொல்லில் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுபவர், ஆலைக் கழிவறையைச் சுத்தம் செய்பவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருக்கிறார். முதன்மை நிறுவனத்தின் எண்ணிக்கையில் அவர் வருவதில்லை. நாங்கள் பழகும் வீடுகளில் இந்த வேலைகளில் இருப்பவர்கள் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1921இல் கோரிக்கைப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எண்ணிக்கைக்கே வெளியே இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தின் எல்லையும் மாறியிருக்கிறது. முன்பு முன்னறிவிப்பு என்பது துறைமுகம் போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் கட்டாயம். இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். அறிவிப்புக் கொடுத்து 14 நாள் ஆகும்முன் நிறுத்தக் கூடாது. கொடுத்த அறிவிப்பு 60 நாள் மட்டுமே செல்லும். சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திய நாளிலிருந்து பேச்சு முடிந்து 7 நாள் ஆகும்வரையும் தடை. ஆக, நீங்கள் அறிவிப்புக் கொடுத்ததும் அதிகாரி கூட்டத்தைக் கூட்டிவிட்டால் 14 நாள் கணக்கு மட்டும் போதாது. பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. தவறினால் தொழிலாளிக்கு அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம்; தூண்டியவருக்கு இன்னும் கூடுதல் அபராதம்.

அதனால் சங்கம் தொடங்க வரும் இளைஞர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது பதிவு எண்ணை அல்ல. உங்கள் கேட்டுக்குள் தினமும் நுழைபவர்கள் எத்தனை பேர்? யார் பெயர் எந்தப் பதிவேட்டில்? ஒப்பந்தக்காரர் தரும் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் கையில் இருக்கிறதா? துப்புரவு வேலை செய்பவரின் கோரிக்கை உங்கள் பட்டியலில் எத்தனையாவது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராத கூட்டங்களில்தான் புளியந்தோப்பைப் பற்றி நாங்கள் பேச ஆரம்பிக்கிறோம்.