அட்டைப்பெட்டியின் அடியில்

ஸ்டோர் அறையில் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கியபோது அது லேசாக இருந்தது. மேல்பக்கம் புதிதுபோல் இருக்க, அடிப்பக்கம் மண்ணாகிக் கிடந்தது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேசியப் பதிவிலாகாவில் மீண்டும் எடுத்துவிடலாம். தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களை யாரிடம் கேட்பது?

கரையானின் உடல் காற்றுப் பட்டால் உலர்ந்துவிடும். அதனால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டிலிருந்து பென்சில் தடிமனில் மண்குழாய் கட்டி, அதற்குள்ளேயே வந்துபோகும். சுவரோடு ஒட்டித் தரையில் இருந்த பெட்டிக்குச் சுவர் வெடிப்பிலிருந்தே வழி கிடைத்திருக்கிறது. குழாய் வெளியே தெரியவில்லை.

அம்மா பூச்சிமருந்து டின்னை எடுத்தார். பூச்சி ஒழிப்புக்கு வந்தவர் தடுத்துவிட்டார். “தெளித்தால் கண்ணில் படுவது மட்டும்தான் சாகும்மா. கூடு அப்படியே இருக்கும், வேறு வழியாக வரும்” என்றார். கரையான் நடமாடும் இடத்திலேயே இரை வைத்தார். அதைத் தின்ற கரையான்கள் கூட்டில் மற்றவற்றுக்கும் ஊட்டும். கூடு அழியச் சில வாரங்களாவது ஆகும்.

மிஞ்சிய தாள்களை மண் தட்டி, நிழலில் காயவைத்து, கைப்பேசியில் படமெடுத்தோம். இப்போது அவை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், இரும்பு அலமாரியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. பிளாஸ்டிக்கையும் கரையான் அரிக்கக்கூடும். உண்மையான காவல் அந்த இடைவெளிதான். அலமாரிக் கால் வழியாக ஏறினால் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயைக் கண்டுபிடித்துவிடலாம்.