மூலையை விட்டு ஐந்தடி

சோமனூரில் என் அப்பிச்சி நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டினார். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசவும் காதோடு வாய்வைத்துக் கத்த வேண்டிய கொட்டகை அது. அந்த இரைச்சல் காதில் முதலில் தின்பது கீச்சுப் பக்கத்தை, 4000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள பகுதியை. 'ச', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது போனவருக்கு யாரோ பேசுவது கேட்கும்; என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. அதன்மேல் கனத்த 'தும்தும்' ஏறிவிட்டால் மிச்சமிருப்பதும் மூடிப்போகும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ளதை அமுக்குவது காதின் இயல்பு.

மாமா வீட்டுக்குப் புதிதாக சவுண்ட்பார் வந்தது. கம்பியில்லாத சப்வூஃபர் ஒன்று, பின் ஸ்பீக்கர் இரண்டு. மாட்ட வந்த பையன் சப்வூஃபரை ஹால் மூலையில் வைத்து, "இங்கதானுங்க பேஸ் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வரத்தான் செய்தது. இரண்டே நாளில் அப்பிச்சி படம் பார்ப்பதை விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். "கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்குது கண்ணு" என்றார்.

அந்த ஹால் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். டைல்ஸ் தரை, வெறும் சுவர். நீளச் சுவரில் டிவி. எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டிய சோபா. நம் ஊரில் பாதி வீடு இப்படித்தான். இருபதடிக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலி, 28 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 56-லும் தன்னோடு தானே சேர்ந்து பெருகும். பன்னிரண்டடி அகலத்துக்கு அதே விஷயம் 47-ல். மூலை என்பது இந்த எல்லாப் பெருக்கத்தையும் ஒருசேரத் தூண்டிவிடும் இடம். சோபாவோ 56 ஹெர்ட்ஸ் மிக உரக்கக் கேட்கும் நடு நீளத்தில். சுவரோடு ஒட்டியிருந்ததால் 47-ம் கூடவே. ஒரு பேஸ் கிடாரில் இரண்டு ஸ்வரம் மட்டும் அறையே அதிர ஒலித்து, மற்றவை காணாமல் போனால் அறை விளையாடுகிறது என்று அர்த்தம்.

சரியான இடத்தைக் கணக்கில்லாமலே கண்டுபிடிக்கலாம். சப்வூஃபரைத் தூக்கி அப்பிச்சி உட்காரும் இடத்திலேயே சோபாமேல் வைத்தேன். பேஸ் கிடார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு நகர்ந்தேன். (அத்தை சிரித்தது வேறு கதை.) ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்பதால், எங்கே எல்லா ஸ்வரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கான இடம். டிவி சுவரில் மூலையிலிருந்து சுமார் ஐந்தடியில் அது கிடைத்தது. நீளத்தில் கால்வாசி. 56 ஹெர்ட்ஸ் அலை அசையாமல் நிற்கும் புள்ளியும் அதுவே. அங்கே நிற்கும் பெட்டியால் அதைத் தூண்ட முடியாது. சோபாவை இரண்டரை அடி முன்னால் இழுத்ததில் 47-ம் கொஞ்சம் அடங்கியது.

இணைப்பில் பெரிய வித்தை இல்லை. முதலில் பார், பிறகு சப்வூஃபர் என்று கரண்ட் கொடுத்தால் விளக்கு சிமிட்டிவிட்டு நிலையாக எரியும். சிமிட்டிக்கொண்டே இருந்தால், பின்பக்கத்திலுள்ள இணைப்புப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பேஸ் விட்டுவிட்டு வந்தால் இடையில் இரும்பு பீரோவோ பக்கத்தில் வைஃபை பெட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியில்லாதது என்றாலும் கரண்ட் கம்பி உண்டு. அந்த வீட்டில் டிவி பிளக்குக்கு மட்டும் இன்வர்ட்டர் லைன். கரண்ட் போனால் பார் பாடும், பேஸ் செத்துவிடும். இணைப்பு அறுந்துவிட்டதென்று பொத்தானை அழுத்த வேண்டாம், கரண்ட் வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

பின் ஸ்பீக்கர்களைச் சோபாவுக்கு நேர் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் காதுக்குச் சற்றுப் பின்னே, உட்கார்ந்தவர் காதைவிட ஓரடி உயரத்தில் மாட்டினோம். அப்பிச்சி இடது ஓரத்தில் உட்காருபவர். அந்தப் பக்க ஸ்பீக்கர் அவர் காதருகில் இரைந்ததால் அதை மூன்று புள்ளி குறைத்து, வசனம் வரும் நடு ஒலியை இரண்டு ஏற்றினேன்.

அன்று ராத்திரி பழைய படம் ஒன்றைக் கடைசிவரை பார்த்தார். நடுவில் இரண்டு தடவைதான் "ஏங்கண்ணு, என்ன சொன்னான்?" என்று கேட்டார். இரண்டும் கிசுகிசுத்துப் பேசிய இடங்கள். தறி தின்றதை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது. காதுக்கு மிஷின் வைக்கலாமுங்க அப்பிச்சி என்று மாமா ஆறு மாதமாகச் சொல்கிறார். இன்னும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.