மேல் நாலு கட்டையில் உடைகிற குரல்



பாகூர் பக்கத்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வருஷம் ஐப்பசியில் போன் செய்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். அவருடைய அப்பா ஊர் பஜனைக் கோஷ்டியில் முன்னால் நின்று பாடியவர். அவர் காலமான பிறகு மார்கழி பஜனை இவர் தலையில் விழுந்தது. "சார், கீழே பாடும்போது கணீர்னு இருக்கு. மேலே ஏறினா ஒரு இடத்துல குரல் கிறீச்சுனு உடைஞ்சி பூனை மாதிரி ஆயிடுது. பின்னால வர்ற பசங்க சிரிக்கிறாங்க. இந்த வருஷம் வேற ஆளைப் பாடச் சொல்லலாம்னு பேசிக்கிறாங்க" என்றார். அவரோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் உதவும்.

நம் எல்லோருக்கும் இரண்டு குரல் உண்டு. பேசும்போது வருவது நெஞ்சுக்குரல். மார்பில் கை வைத்து "ஆ" என்று தாழ்வாகச் சொல்லிப் பாருங்கள், கைக்கு அதிர்வு தெரியும். குழந்தைக்குக் கொஞ்சும்போதும், தூரத்தில் போகிறவரை "ஊ...ஊய்" என்று கூப்பிடும்போதும் வருவது தலைக்குரல். அப்போது மார்பு அதிராது, சத்தம் மண்டைக்குள் ஒலிப்பது போல இருக்கும். சங்கீதக்காரர்கள் இந்த இரண்டாவதைக் கள்ளக்குரல் என்று கொஞ்சம் இளப்பமாகச் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரமும் மந்திர ஸ்தாயிக்கு நெஞ்சையும், மத்திய ஸ்தாயிக்குத் தொண்டையையும், தார ஸ்தாயிக்குத் தலையையும் இடமாகச் சொல்கிறது. பாடுகிறவர் உடம்பில் உணர்வது அதுதான்.

ஆனால் சத்தம் பிறப்பது நெஞ்சிலும் இல்லை, தலையிலும் இல்லை. இரண்டும் தொண்டைக்குள் இருக்கும் ஒரே ஜோடிக் குரல் நாண்களில்தான் பிறக்கின்றன. மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் 1854இல் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் பிடித்து, தான் பாடும்போது அவை அசைவதைப் பார்த்தார். நெஞ்சுக்குரலில் நாண்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்து, முழுக்கனமும் அடித்துக்கொள்ளும். தலைக்குரலில் அவை நீட்டி இழுக்கப்பட்டு மெல்லியதாகி, ஓரம் மட்டும் அதிரும். தடிப்பாக்க ஒரு தசை, இழுத்து நீட்ட இன்னொரு தசை. மேலே ஏற ஏற, முதல் தசை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும், இரண்டாவது பொறுப்பை ஏற்க வேண்டும். முதல் தசை விடாப்பிடியாக இழுத்துப் பிடித்திருந்து, கடைசியில் முடியாமல் பட்டென்று விட்டால், அதுதான் உடைவு. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மற்றவர் எப்படி விழுவாரோ, அப்படி.

அவரிடம் முதலில் ஒரு சோதனை செய்தேன். வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் நீங்களும் செய்யலாம். அவர் அப்பா காலத்திலிருந்து பஜனைக்கு இரண்டரைக் கட்டைதான் சுருதி. அதில் ஸ ரி க ம என்று ஏறச் சொன்னேன். மேல் ஸட்ஜம் நன்றாக நின்றது, அடுத்த ரிஷபத்தில் உடைந்தது. சுருதியை ஒரு கட்டைக்கு இறக்கி மறுபடி பாடச் சொன்னேன். இப்போது மேல் ரிஷபம் வந்தது, காந்தாரமும் வந்தது, மத்யமத்தில் உடைந்தது. ஸ்வரம் வேறு வேறாக இருந்தாலும், ஆர்மோனியத்தில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு முறையும் ஒரே கட்டைதான்: மேல் ஸ்தாயியில் நாலு கட்டை. அந்த இடத்தில் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 350 முறை அதிர்கின்றன. ஆண்களுக்குப் பெரும்பாலும் இதையொட்டித்தான் உடையும், ஆளுக்கு ஆள் சற்று முன்பின் இருக்கும்.

இந்தச் சோதனை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. சுருதியை மாற்றியும் அதே கட்டையில் உடைந்தால், பெரும்பாலும் குரலில் நோய் இல்லை, இரண்டு குரலுக்கும் நடுவே உள்ள பாலத்தைத் தாண்டத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று இடம் மாறினாலோ, கீழேயும் கரகரத்தாலோ, விஷயம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் இரண்டரைக் கட்டை எப்படி வந்தது? அவர் குரல் இயல்பிலேயே உயர்ந்தது. அது மட்டுமல்ல, மைக் இல்லாத காலத்தில் உயரப் பாடினால்தான் தெருக்கோடிக்குக் கேட்கும். 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும், அவரோடு மேடை ஏறிய கே.பி. சுந்தராம்பாளும் அத்தனை உயர்ந்த சுருதியில் பாடிப் பெயர் எடுத்தது அப்படிப்பட்ட நாடகக் கொட்டகைகளில்தான். நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் முகவீணைக்குச் சமமாகக் குரல் ஏறும். இன்று கோயிலில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஆர்மோனியம் மட்டும் அப்பா சுருதியிலேயே நிற்கிறது.

அதனால் முதல் வேலை, சுருதியை இறக்குவது. அவர் பாடும் பாட்டுகளில் உச்சம் மேல் காந்தாரம். ஒரு கட்டையில் அது மூன்று கட்டையில் விழுகிறது, உடையும் இடத்துக்கு அரைக் கட்டை கீழே. இன்னும் இறக்கி ஏழு கட்டை வைத்தால் மேலே சுலபம்தான், ஆனால் கீழ்ப் பஞ்சமத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஆகவே ஒரு கட்டை என்று முடிவு செய்தோம். அந்த மார்கழியை அதில் ஓட்டினார். குரல் உடையவில்லை. ஆனால், "பாட்டு சப்புனு இருக்கு" என்று கோஷ்டியில் முணுமுணுத்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. கூட்டாகப் பாட அந்தச் சுருதி கொஞ்சம் தாழ்வு.

இரண்டாவது வேலை, பாலத்தைத் தாண்டப் பழகுவது. இங்கேதான் பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். கீழிருந்து மேலே "ஆ" என்று ஓங்கிக் கத்திப் பழகுகிறார்கள். அது கனத்தை மேலே தூக்கிக்கொண்டு போகும், உடைவு இன்னும் பெரிதாகும். நாங்கள் மேலிருந்து கீழே வந்தோம்.

முதலில், சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுவது போல உதட்டைப் "புர்ர்ர்" என்று அதிரவிட்டு, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருவது. உதடு மூடியிருப்பதால் நாண்களின் மேல் பாரம் குறையும். அழுத்தினால் உதடு நின்றுவிடும், அதுவே நமக்கு வாத்தியார். பிறகு "ஊ" என்று மெல்லிய தலைக்குரலில் மேல் காந்தாரத்தில் ஆரம்பித்து, ஸ்வரம் ஸ்வரமாகப் பஞ்சமம் வரை இறங்குவது. நெஞ்சுக்குரல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரை அதைக் கூப்பிடக் கூடாது. இது சில வாரங்களில் பழகிய பிறகு "ஓ", அதன் பிறகுதான் "ஆ". கடைசியில்தான் கீழிருந்து ஏறுவது. அப்போதும் உடையும் இடத்துக்கு இரண்டு ஸ்வரம் முன்பே சத்தத்தைக் குறைத்து, "ஆ"வைக் கொஞ்சம் "ஓ" பக்கம் குவிக்க வேண்டும். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் போதும். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? மூச்சைக் கவனியுங்கள். மேல் ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும்போது காற்று கலந்து "ஹ" சத்தம் வந்து, மூச்சு சீக்கிரம் தீர்ந்தால், நாண்களின் ஓரம் சரியாகச் சேரவில்லை, அது வெறும் கள்ளக்குரல். அதே மெல்லிய குரல் கம்பி போலச் சுத்தமாக நின்று, மூச்சும் மிஞ்சினால், பாலம் கட்டப்படுகிறது என்று பொருள். விடியற்காலையில் மந்திர ஸ்தாயி சாதகம் செய்வது நல்லதுதான். அது அடிக்குரலுக்கு உரம் தரும், ஆனால் அது மட்டும் பாலம் ஆகாது.

இந்த உடைவு எல்லா இசையிலும் குற்றம் இல்லை. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் வேண்டுமென்றே இரண்டு குரலுக்கும் மாறி மாறித் தாவி யோடலிங் பாடுகிறார்கள். நம் ஜே.பி. சந்திரபாபுவும் அதைச் செய்து கைதட்டல் வாங்கினார். உடைவு நம் சொல் கேட்டால் வித்தை, கேட்காவிட்டால் அவமானம்.

இந்த மார்கழிக்கு அவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறியிருக்கிறார். அதில் மேல் காந்தாரம் சரியாக நாலு கட்டையில்தான் விழுகிறது. அதாவது இப்போது அவர் பாலத்தைத் தவிர்க்கவில்லை, நடந்து தாண்டுகிறார். கூர்ந்து கேட்டால் அந்த ஸ்வரத்தில் குரல் மெலிவது தெரியும். பனி அதிகமான விடியலில் ஒன்றிரண்டு முறை பிசிறும் தட்டியது. பின்னால் வரும் பசங்கள் சிரிக்கவில்லை. இரண்டரைக் கட்டைக்கு அவர் போகவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது அவர் அப்பாவின் குரல்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்களுக்கு, நெஞ்சுக்குரலையே இழுத்துக்கொண்டு போனால், மேல் ஸட்ஜ, ரிஷபத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் உடையும். பயிற்சி அதேதான்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் வயதில் இந்தப் பயிற்சி வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. உடையும் இடமே வாரத்துக்கு வாரம் மாறும். பிரார்த்தனையில் பாரதிதாசனின் நம் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடும்போது எட்டாம் வகுப்புப் பையன்கள் வாயை மட்டும் அசைப்பார்களே, சோம்பேறித்தனம் இல்லை, பயம். தாழ்வாக, மெதுவாகப் பாடவிடுங்கள். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்த பையனிடமிருந்து பாட்டுள்ள வேஷத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நம் வீட்டில் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, மேலே விட்டுவைத்தது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போதே குரல் உடைந்தாலோ, முன்பு எட்டிய ஸ்வரம் திடீரென்று எட்டாமல் போனாலோ, பாடுவதை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாண்களில் சின்ன முடிச்சு விழுந்திருக்கலாம். புகை பிடிப்பவர் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மிளகுக் கஷாயமும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும், முடிச்சைக் கரைக்காது.

அன்புடன்,
உங்கள் சார்